பிள்ளையைப் பார்க்கும் உரிமையும் வெளிநாட்டுப் பயணமும்: பிரிந்து வாழும் தந்தை ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: "ஐயா, சென்னை குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தின் பேரில் எங்களுக்கு விவாகரத்து ஆகி இரண்டு வருடம் ஆகிறது. எட்டு வயது மகன் அம்மாவிடம் இருக்கிறான். மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் நான் பார்க்கலாம் என்று தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் நான்கு மாதமாக ஏதாவது காரணம் சொல்லி அனுப்புவதில்லை. இப்போது அவருக்கு மெல்போர்னில் வேலை கிடைத்திருக்கிறது, மே மாதம் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறார் என்று உறவினர் சொல்கிறார்கள். பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறது. என் சம்மதம் இல்லாமல் கூட்டிப் போக முடியுமா? போய்விட்டால் நான் என்ன செய்வது?"

பதில்:

இந்தியாவில் ஒரு பெற்றோர் குழந்தையுடன் விமானம் ஏறுவதற்கு மற்றவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் கட்டாயம் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. விமான நிலையத்தின் குடியேற்றச் சோதனையில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா, பயணத் தடை ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்பவற்றைத்தான் பார்ப்பார்கள். தந்தையின் கடிதம் எங்கே என்று பொதுவாகக் கேட்பதில்லை. ஆகவே நடைமுறையில் அவரால் போய்விட முடியும். ஆனால் மாதம் இரண்டு ஞாயிறு மகனைப் பார்க்கும் உரிமையை உங்களுக்கு நீதிமன்றம் தந்திருக்கிறது. மகன் மெல்போர்னில் குடியேறிவிட்டால் அந்த உரிமையை நிறைவேற்ற இயலாது. நீதிமன்ற உத்தரவு ஒன்றைச் செயலற்றதாக்கும் முடிவை ஒரு தரப்பு தானாக எடுக்கக் கூடாது. அதே நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு, உத்தரவை மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அவர் அவ்வாறு கேட்காவிட்டால், நீதிமன்றத்தின் கவனத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டியவர் நீங்கள். குழந்தை புறப்படுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். புறப்பட்ட பிறகு உங்கள் கையில் இருக்கும் வழிகள் எவ்வளவு பலவீனமானவை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விவாகரத்துத் தீர்ப்பையும், அதனுடன் இணைந்த கூட்டு மனுவையும் சமரச நிபந்தனைகளையும் எடுத்து வரி வரியாகப் படியுங்கள். "நீதிமன்ற அனுமதியின்றிக் குழந்தையை இந்தியாவை விட்டு வெளியே அழைத்துச் செல்லக் கூடாது" என்றோ, "தந்தையின் எழுத்துபூர்வமான சம்மதத்துடன்" என்றோ ஒரு வரி இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பரஸ்பர சம்மத விவாகரத்துகளில் பெரும்பாலும் இந்த வரி இருப்பதில்லை. இருவரும் வழக்கைச் சீக்கிரம் முடித்துக்கொள்ள விரும்பும் நேரத்தில், குழந்தை பற்றிய பகுதி நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் விளைவு தரப்போகும் பகுதிக்கு அவ்வளவு குறைந்த கவனம் கிடைப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

அந்த வரி இல்லாவிட்டால் சட்டத்தின் நிலை சற்று நுணுக்கமானது. 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட அல்லது அறிவிக்கப்பட்ட பாதுகாவலர், அந்த நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் குழந்தையை அதன் அதிகார எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது. நீதிமன்றம் தன் அதிகாரத்தைச் செலுத்த முடியாதபடி இதை மீறுபவருக்கு 44-ஆம் பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிவில் சிறையோ விதிக்கலாம். ஆனால் உங்கள் முன்னாள் மனைவி அந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டவர் அல்லர். பெற்றவர் என்ற முறையில் அவர் இயற்கைப் பாதுகாவலர். மகன் அவருடைய பராமரிப்பில் இருக்கட்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பு ஒப்புக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. எனவே 26-ஆம் பிரிவு இங்கே தானாக வந்து தடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதேபோல, காவல் நிலையத்தில் கடத்தல் புகார் கொடுத்துத் தடுத்துவிடலாம் என்ற யோசனையும் பலன் தராது. நீதிமன்றத் தடை எதுவும் இல்லாத நிலையில், இயற்கைப் பாதுகாவலரான தாயோ தந்தையோ தன் குழந்தையைத் தன்னுடன் அழைத்துச் செல்வதை நீதிமன்றங்கள் பொதுவாகக் கடத்தலாகக் கருதுவதில்லை.

உங்களுக்குப் பொருந்தும் வழி இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. (எண் ஒன்றாக இருந்தாலும் இது வேறு சட்டம்.) தீர்ப்பு வந்த பிறகும், குழந்தையின் பராமரிப்பு குறித்து மனு வந்தால் அவ்வப்போது புதிய உத்தரவு போடவும் பழையதை மாற்றவும் நீதிமன்றத்துக்கு இது அதிகாரம் தருகிறது. தீர்ப்பளித்த அதே குடும்ப நல நீதிமன்றத்தில் இதன் கீழ் மனுவும், அதனுடன் இடைக்காலத் தடை கேட்டு ஒரு மனுவும் தாக்கல் செய்யுங்கள். தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு மே மாதம் கோடை விடுமுறை என்பதை மனதில் கொள்ளுங்கள். ஏப்ரல் மாத இறுதியில் ஓடுவதைவிட இந்த வாரமே தாக்கல் செய்வது நல்லது.

இடைக்கால மனுவில் மூன்று கோரிக்கைகள் போதும். மகனை நீதிமன்ற அனுமதியின்றி இந்தியாவை விட்டு வெளியே அழைத்துச் செல்லத் தடை; அவனுடைய பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க உத்தரவு; தடையாணையின் நகலைக் குடியேற்றப் பணியகத்துக்கும் மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் அனுப்பி, குழந்தையின் பெயரில் பயணத்தைத் தடுக்கும்படி அறிவுறுத்தல். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தடையாணை உங்கள் வழக்கறிஞரின் கோப்பில் இருப்பதால் விமான நிலையத்தில் எதுவும் நடக்காது. அது குடியேற்றக் கணினியில் ஏறினால்தான் சோதனை மேசையில் இருப்பவருக்குத் தெரியும். தனிநபரின் கடிதத்தின் பேரில் அதை ஏற்ற மாட்டார்கள், நீதிமன்ற உத்தரவு வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேருவதற்குள் அவர் புறப்பட்டுவிடுவார் என்ற அச்சத்துக்குச் சான்று இருந்தால், நோட்டீஸுக்கு முன்பே தடை வழங்கவும் நீதிமன்றத்தால் முடியும். ஆனால் "உறவினர்கள் சொல்கிறார்கள்" என்பது சான்று ஆகாது. பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டிருக்கிறாரா, வீட்டைக் காலி செய்ய அறிவிப்பு கொடுத்திருக்கிறாரா, வேலை பற்றி உங்களுக்கோ பொதுவான நண்பர்களுக்கோ செய்தி அனுப்பியிருக்கிறாரா என்பதைத் திரட்டி, நீங்கள் நேரடியாக அறிந்ததை அறிந்தபடியே பிரமாணப் பத்திரத்தில் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட், விசா இரண்டிலும் உங்களுக்கு ஓரளவு இடம் இருக்கிறது. சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போது பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் அனெக்ஷர் டி என்ற உறுதிமொழி கேட்கப்படும். ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால், மற்றவரின் சம்மதம் ஏன் இல்லை என்பதை விளக்கி அனெக்ஷர் சி கொடுக்க வேண்டும். பராமரிப்பு உரிமைக்கான நீதிமன்ற உத்தரவு இருப்பவர் அதையும் காட்டுவார். எனவே உங்கள் கையெழுத்து இல்லாமலும் பாஸ்போர்ட் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆஸ்திரேலிய விசாவில் சோதனை இன்னும் கண்டிப்பானது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை விஷயத்தில் அது எங்கே வாழும் என்று தீர்மானிக்க உரிமையுள்ள எல்லோரும் சம்மதித்திருக்கிறார்களா என்று அந்த நாட்டு அதிகாரிகள் பார்ப்பார்கள். உடன் வராத பெற்றோர் கையெழுத்திட 1229 என்ற எண்ணுள்ள படிவம் இருக்கிறது. அதற்குப் பதிலாக, தாய்க்கே அந்த முடிவை எடுக்கும் உரிமை உண்டு என்று காட்டும் நீதிமன்ற உத்தரவையும் ஏற்பார்கள். உங்கள் தீர்ப்பில் "பராமரிப்பு தாய்க்கு" என்ற சொற்கள் மட்டும் இருந்தால், அது போதுமா என்பது விசா அதிகாரியின் வாசிப்பைப் பொறுத்தது. விசா கிடைக்காது என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். "சுற்றுலாவுக்குத்தான், கையெழுத்துப் போடுங்கள்" என்று ஏதேனும் தாள் வந்தால், போகும் தேதி, திரும்பும் தேதி, விசாவின் வகை மூன்றும் அதில் எழுதப்பட்டிராத வரை கையெழுத்திடாதீர்கள். காலவரையறை இல்லாத சம்மதக் கடிதம் பின்னாளில் உங்களுக்கு எதிரான சான்றாக நிற்கும்.

தடை கிடைத்துவிட்டால் மகன் இங்கேயே இருந்துவிடுவான் என்று எண்ணிவிட வேண்டாம். அது இறுதி முடிவு வரும் வரைக்குமான ஏற்பாடு. இறுதியில் நீதிமன்றம் உங்கள் உரிமையையோ அவருடைய உரிமையையோ அளவுகோலாகக் கொள்ளாது. குழந்தையின் நலனே முதன்மையானது என்பதை இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் நிலைக்கு மிக நெருக்கமான ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்த்தது. அதிலும் பரஸ்பர சம்மத விவாகரத்துதான், மகன் தாயிடம்தான், தாய்க்கு ஆஸ்திரேலியாவில்தான் வேலை. நிபந்தனைகளை ஒப்புக்கொண்ட பிறகு மாற்ற முடியாது என்று தந்தை வாதிட்டார். குழந்தை பற்றிய உத்தரவு எதுவும் நிரந்தரமானது அல்ல, குழந்தையின் தேவை மாறும்போது மாறக்கூடியது என்று கூறி நீதிமன்றம் அதை நிராகரித்தது. தன் வேலையையும் வளர்ச்சியையும் தேடும் தாயின் சுதந்திரத்தையும் அது மதித்தது. சிறுவனிடம் நீதிபதிகள் தனியே பேசினார்கள். அவன் தாயுடன் இருக்கவே விரும்பினான். தாய் அவனை அழைத்துச் செல்ல அனுமதி கிடைத்தது. ஆண்டுக்கு இருமுறை இந்தியாவுக்கு அழைத்து வந்து தந்தையுடன் இருக்கச் செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டுடன்.

இதை உங்களை மனம் தளரச் செய்யச் சொல்லவில்லை. "போகவே கூடாது" என்பதை மட்டும் வாதமாக வைத்தால், வேலைக் கடிதம், பள்ளிச் சேர்க்கை, தங்குமிடம் எல்லாவற்றையும் காட்டும் தாயின் முன் தோற்க வாய்ப்பு அதிகம். மகனுடைய வாழ்வில் உங்கள் இடம் என்ன, அது அறுந்தால் அவனுக்கு என்ன இழப்பு என்பதைக் காட்டுவதுதான் வலுவான வாதம். பள்ளிக் கூட்டங்களுக்குப் போனது, மருத்துவரிடம் அழைத்துச் சென்றது, தாத்தா பாட்டியுடன் அவன் கழித்த விடுமுறைகள் ஆகியவை கணக்கில் வரும். "போகட்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தால் இந்த நிபந்தனைகளுடன் போகட்டும்" என்று ஒரு மாற்றுக் கோரிக்கையையும் மனுவிலேயே வையுங்கள். அதை வைத்தால் வழக்கு பலவீனப்படும் என்று சிலர் பயப்படுவார்கள். என் பார்வையில், குழந்தையைப் பற்றி யோசித்து வந்திருக்கும் பெற்றோர் யார் என்பதை நீதிபதிக்கு அதுவே காட்டும்.

இங்கேதான் நான்கு மாதமாகப் பார்க்க முடியாத விஷயம் முக்கியமாகிறது. சென்னையில் இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை அனுப்பாதவர், மெல்போர்னிலிருந்து ஆண்டுக்கு இருமுறை அழைத்து வருவார் என்று எப்படி நம்புவது என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்க உங்களிடம் பதிவு இருக்க வேண்டும். ஒவ்வொரு முதல் ஞாயிறுக்கும் மூன்றாம் ஞாயிறுக்கும் இரண்டு நாள் முன்பு, "ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன்" என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். மறுப்பு வந்தால் அதைச் சேமியுங்கள். பதிலே வராவிட்டாலும் குறித்த இடத்துக்குக் குறித்த நேரத்தில் போய்விட்டு, வந்து திரும்பியதாக இன்னொரு செய்தி அனுப்புங்கள். வாசலில் சத்தம் போடுவதும், பள்ளி வாசலில் காத்திருந்து பையனை அழைத்துக்கொண்டு போவதும் வேண்டவே வேண்டாம். மீறியவர் என்ற பெயர் அந்த ஒரே நாளில் உங்களுக்கு மாறிவிடும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பையன் பயந்துவிடுவான். பிள்ளையைக் காட்டாததால் ஜீவனாம்சத்தை நிறுத்துவதும் தவறு. இரண்டும் தனித்தனிக் கடமைகள். அந்தப் பணம் மகனுடைய உணவுக்கும் பள்ளிக்கும் உரியது.

உத்தரவை வேண்டுமென்றே மீறினால் நிறைவேற்று மனு போடலாம். அது பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு மனுவுக்கும் வழி உண்டு. ஆனால் உங்கள் உத்தரவில் நேரமும் இடமும் இல்லாமல் "முதல், மூன்றாம் ஞாயிறு பார்க்கலாம்" என்று மட்டும் இருந்தால் மீறலை நிரூபிப்பது கடினம். "அன்று காய்ச்சல்", "அன்று உறவினர் திருமணம்" என்று ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கம் வரும். ஆகவே இதே மனுவில் சந்திப்பு ஏற்பாட்டைத் துல்லியமாக்கவும் கேளுங்கள்: காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, ஒப்படைக்கும் இடம் இன்னது, ஒரு ஞாயிறு தவறினால் அடுத்த ஞாயிறு ஈடு, கோடை விடுமுறையில் இத்தனை நாள் இரவு தங்கல். நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே இரவு தங்கச் சொல்லிக் கேட்காதீர்கள். சில வாரங்கள் பகலில் பார்த்து, பையன் இயல்பான பிறகு நேரத்தைக் கூட்டும் படிநிலையை நீதிமன்றங்கள் எளிதாக ஏற்கின்றன.

மகன் போவதற்கு அனுமதி கிடைத்தாலும் நிபந்தனைகளின் எழுத்தில்தான் உங்கள் உறவு நிற்கும். உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு வழக்கில், பராமரிப்பு கிடைக்காத பெற்றோர் நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடமாவது குழந்தையுடன் பேச வழி இருக்க வேண்டும் என்றும், தூரத்தில் இருப்பவர்களுக்குக் காணொளி அழைப்பை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கூறியது. மெல்போர்ன் நேரம் நம் நேரத்தைவிட நான்கரை மணி முன்னால், அவர்களுடைய கோடைக்காலத்தில் ஐந்தரை மணி முன்னால். நீங்கள் மாலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்து அழைத்தால் அங்கே நள்ளிரவு. எனவே அழைப்பு நேரத்தை இரு ஊர்க் கணக்கிலும் எழுதிக் கேளுங்கள். நமக்கு மதியம் ஒன்றரை மணி என்றால் அங்கே மாலை ஆறு அல்லது ஏழு, பையன் பள்ளி முடிந்து வீட்டில் இருக்கும் நேரம். ஆண்டு விடுமுறையில் இந்தியா வரும் நாட்கள், விமானச் செலவு யாருடையது, நீங்கள் அங்கே போனால் எத்தனை நாள் உங்களுடன் தங்குவான், முகவரியோ பள்ளியோ மாறினால் எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும் என்பவையும் வேண்டும். நிபந்தனையை மீறினால் இழக்கும்படி ஒரு தொகையை நீதிமன்றத்தில் முன்கூட்டியே கட்டச் சொல்லியும் கேட்கலாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, இங்கே போடும் உத்தரவை அப்படியே ஆஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றத்திலும் பெற்றுக்கொள்வது. இதை மிரர் ஆர்டர் என்பார்கள். சென்னை உத்தரவு மெல்போர்னில் தானாகச் செல்லுபடியாகாது. அங்குள்ள நீதிமன்றமும் அதே நிபந்தனைகளை உத்தரவாக்கினால்தான் அங்குள்ள அதிகாரம் அதை நிறைவேற்றும். அந்த உத்தரவு கிடைத்த பிறகுதான் குழந்தை புறப்பட வேண்டும், அது உண்மையானதா என்பதை உங்கள் தரப்பு வழக்கறிஞர் அந்த நீதிமன்றத்திலேயே நேரில் சரிபார்க்க வேண்டும். இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறுவனைக் கென்யாவில் வாழும் தந்தையிடம் ஒப்படைத்தது; கென்ய நீதிமன்றத்தின் மிரர் ஆர்டர் வேண்டும், தந்தை ஒரு கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருந்தன. தந்தை ஓர் உத்தரவைக் காட்டினார், சிறுவன் போனான். பின்னர் அந்த ஆவணம் நம்பத் தகாதது என்று தெரிந்தது. தாய்க்குச் சந்திப்பும் மறுக்கப்பட்டது. 2021-இல் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது, 2022-இல் அவமதிப்புக்காகத் தந்தைக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அந்தத் தந்தையோ இந்தியாவுக்கு வெளியே இருந்தார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, அனுமதியின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தையை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைவில் திருப்பி அனுப்ப உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவும் இலங்கையும் சிங்கப்பூரும் அதில் இருக்கின்றன, இந்தியா இல்லை. 2009-இலேயே சட்ட ஆணையம் சேரும்படி பரிந்துரைத்தும் இந்தியா சேரவில்லை. வெளிநாட்டில் துன்புறுத்தலுக்கு ஆளாகிக் குழந்தையுடன் தாயகம் திரும்பும் பெண்களை அது மாட்டிவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் முக்கிய அச்சம், அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் உங்களைப் போல இங்கே விடப்படும் பெற்றோருக்கு அதனால் ஒரு கதவு அடைபட்டிருக்கிறது. குழந்தையை நீதிமன்றத்தில் நேரில் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனுவைச் சென்னையில் போட்டாலும், குழந்தை நாட்டில் இல்லாதபோது அது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடும்.

எனவே மகன் போய்விட்டான் என்று தெரிந்தால் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் செயல்பட வேண்டும். இங்கே, தீர்ப்பை மீறியதற்கான மனுவும், மகனைத் திரும்ப அழைத்து வரக் கோரும் மனுவும் தாக்கல் செய்து, குழந்தையின் வழக்கமான வசிப்பிடம் சென்னையே என்ற கண்டறிதலுடன் ஓர் உத்தரவு பெறுங்கள். அங்கே, மெல்போர்னில் ஒரு குடும்ப வழக்கறிஞர் மூலம் அந்நாட்டு நீதிமன்றத்தில் மகனைத் திருப்பி அனுப்பவும், அது முடியும் வரை சந்திப்புக்கும் மனு செய்யுங்கள். அந்த நீதிமன்றம் சென்னை உத்தரவைக் கருத்தில் கொள்ளும், ஆனால் குழந்தையின் நலனைத் தானே ஆராய்ந்துதான் முடிவெடுக்கும். ஆறு மாதம் கடந்து, பையன் அங்கே பள்ளியில் வேரூன்றிவிட்டால் அந்த ஆராய்ச்சி உங்களுக்கு எதிராகச் சாயத் தொடங்கும். தாமதம் சம்மதமாக வாசிக்கப்படும் என்பதால், அவன் போனது தெரிந்த நாளிலேயே "இதற்கு நான் சம்மதிக்கவில்லை" என்று அவருக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள்.